முதல் வகுப்பு, முதல் பருவம்: வீட்டுப்பாடத்தைக் குறைத்துப் பெற்றோருக்கு எழுதிய குறிப்பு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையும் வேலந்தாவளமும் சுற்றிய ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ். கடையிலும் பஸ்ஸிலும் டிவியிலும் மலையாளம் சரளமாகக் கலந்து வரும். இந்த ஆய்வில் வரும் பள்ளி அந்தப் பகுதியிலுள்ள ஓர் எய்டட் தொடக்கப் பள்ளி. தமிழ் வழியும் மலையாள வழியும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. அங்கே தமிழ் வழி முதல் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. வகுப்பில் 22 பிள்ளைகள்.

பெற்றோர் பெரும்பாலும் தென்னந்தோப்பிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்கள். சிலர் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். அதுவரை பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மிச்சியிடமோ இருக்கும். தாய்மாரில் பலர் நெம்மாறை, ஆலத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர்கள். அவர்கள் படித்தது மலையாளத்தில். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத வராது. வீட்டுப்பாடம் என்று வரும்போது இந்த ஒரு விவரம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பது ஜூன் மாதத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது.

முதல் வகுப்புக்கு நீண்ட காலமாக ஒரு வழக்கம் இருந்தது. அன்று சொல்லிக்கொடுத்த எழுத்தை இரட்டைக் கோடு நோட்டில் பத்து வரி எழுதிவர வேண்டும். இதை விரும்பிக் கேட்பவர்களே பெற்றோர்தான். நோட்டு நிறைந்தால் பள்ளியில் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஆங்கில வழிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளையே இரண்டு பக்கம் எழுதுகிறது என்ற ஒப்பீடு எப்போதும் காதில் விழும்.

ஜூனில் கண்டது

முதலில் கவனத்துக்கு வந்தது ஒரு சிறுமியின் நோட்டு. பத்து வரி 'அ', அச்சு வார்த்ததுபோல அழகாக இருந்தது. மறுநாள் சிலேட்டில் அதே எழுத்தை எழுதச் சொன்னபோது அவள் வலப்பக்கத்து நிமிர்ந்த கோட்டை முதலில் போட்டாள். பிறகு இடப்பக்கச் சுழியைத் தனியாக வரைந்து கோட்டோடு ஒட்டவைத்தாள். முடிவில் வந்தது 'அ' மாதிரிதான் இருந்தது, ஆனால் கை போன பாதை தலைகீழ். "வீட்டில் எப்படி எழுதினாய்?" என்று கேட்டேன். "அம்மா கையைப் பிடிச்சு எழுதுவாங்க டீச்சர்" என்றாள்.

அப்புறம் எல்லா நோட்டுகளையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது மூன்று விதம் தெரிந்தது. சில நோட்டுகளில் பெரியவர் கை பிடித்த அடையாளம்: முதல் வரியும் பத்தாவது வரியும் ஒரே மாதிரி. ஐந்து வயதுப் பிள்ளை தானே எழுதினால் நாலாவது வரிக்குள் எழுத்து பெரிதாகிக் கோட்டைத் தாண்டும், அல்லது சுருங்கிச் சாயும். ஒரே சீராகப் பத்து வரி வராது. சில நோட்டுகளில் அண்ணனோ அக்காவோ எழுதியிருந்தார்கள். மீதியில் பிள்ளையே எழுதியிருந்தது. அங்கே பென்சில் அழுத்தம் பின்பக்கம் தடவினால் தட்டுப்பட்டது, சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. விரல் வேலை செய்யாமல் தோளும் முழங்கையும் சேர்ந்து பென்சிலைத் தள்ளினால்தான் அப்படி அழுத்தம் விழும். இந்த வயதில் மூன்று விரல் பிடிப்பு பல பிள்ளைகளுக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்காது.

மலையாளம் படித்த தாய்மாரின் வீடுகளிலிருந்து வந்த நோட்டுகளில் இன்னொன்றும் இருந்தது. மலையாள எழுத்து வளைந்து உருண்டு போகும். தமிழில் ட, ப, ம எல்லாம் நேர்கோடும் மூலையுமாக இருக்கும். நாங்கள் அந்த வடிவ ஒற்றுமைக்காகவே அவற்றை முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வீடுகளில் 'ப' மூலையில்லாமல் கிண்ணம்போல வளைந்து வந்தது. தாய் தனக்குப் பழகிய கையசைவில் பிள்ளையின் கையை நடத்தியிருக்கிறாள். அக்கறையில் குறை எதுவும் இல்லை. வேலை முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, தூங்கி விழும் பிள்ளையை உட்காரவைத்து ஒன்பது மணிவரை மல்லுக்கட்டியிருக்கிறாள்.

எழுத்தைவிட ஒலிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ட, ப, ம, ய நான்கும் நடத்தி முடித்த பிறகு, நான் ஒலியைச் சொல்ல, பார்க்காமல் சிலேட்டில் எழுதச் சொன்னேன். நான்கையும் எழுதியவர்கள் ஏழு பேர். "பல், படம், மரம் – இதில் 'ப'வில் தொடங்காதது எது?" என்று கேட்டால், நோட்டில் 'ப'வைப் பத்து வரி நிரப்பிய பிள்ளைகள் பலர் விழித்தார்கள். வடிவத்தைப் பார்த்து வரைவதற்கு ஒலி தேவையில்லை. நோட்டு நிறைந்துவிடும், எழுத்து மனதில் ஏறியிருக்காது.

உடல் சோர்வும் கண்ணுக்குத் தெரிந்தது. மே மாதம் வரை அங்கன்வாடியில் மதியம் தூங்கிய பிள்ளைகள் ஜூனில் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பெஞ்சில் உட்காருகிறார்கள். மதியத் தூக்கம் ஒரே நாளில் நின்றுபோகிறது. இந்த வயதுக்கு ஒரு நாளில் பத்து மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஒன்பதரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பினால் எட்டரை மணி நேரம்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் வகுப்பில் பாதிப் பேர் தலையைக் கையில் சாய்த்தார்கள்.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

இதைப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் வைத்தேன். ஹெச்.எம். உட்பட யாருக்கும் கண்டதில் சந்தேகம் இல்லை. தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் எடுக்கும் மாணவர் கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. அந்த ஆண்டுக் கணக்கு முடிந்திருந்தது. ஆனால் 'அந்தப் பள்ளியில் எழுதவே சொல்வதில்லை' என்ற பேச்சு ஊரில் பரவினால் அடுத்த ஆண்டு பிள்ளைகள் வேன் ஏறி வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். இது வெறும் பயம் இல்லை. தமிழ் வழிப் பிரிவுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக மெலிகின்றன.

விதி என்று பார்த்தால் வழி ஏற்கெனவே திறந்திருந்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று மத்திய மனிதவள அமைச்சகம் 2018-இல் மாநிலங்களுக்குச் சொன்னது. 2020-இன் பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. அப்படியானால் குறைப்பானேன், முழுக்க நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். நாங்கள் அதைப் பேசினோம். இந்தப் பெற்றோரில் பலருக்குப் பள்ளியோடு இருக்கும் ஒரே தொடர்பு அந்த நோட்டுதான். அதைச் சட்டென்று பிடுங்கினால் மாலையில் பிள்ளையோடு உட்காரும் பழக்கமும் சேர்ந்து போய்விடும். அதனால் எழுத்து வேலையை மட்டும் ஓணம் விடுமுறை வரை நிறுத்துவது, உட்காரும் நேரத்தைப் பேச்சுக்கும் கேட்டலுக்கும் மாற்றுவது என்று முடிவானது.

ஆய்வுகள் பற்றியும் கேள்வி வந்தது. வீட்டுப்பாடத்தைப் பற்றி அதிகம் பேசப்படும் தொகுப்பாய்வு ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. உயர் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெரியும் தொடர்பு, தொடக்க வகுப்புகளில் மிக மெலிந்துவிடுகிறது என்பது அதில் கண்டது. ஆனால் அது அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியது. எழுதத் தெரியாத ஐந்து வயதுக்காரர்களைப் பற்றி அதிலிருந்து நேரடியாக எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு வலுவான சான்று மேசைமேல் கிடந்த நோட்டுகளும் சிலேட்டுகளும்தான். வீட்டிலிருந்து வரும் அழகான நோட்டு, பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை என்னிடமிருந்து மறைத்தது. முதல் பருவத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்டது அந்தத் தகவல்தான்.

பெற்றோருக்குக் கொடுத்த குறிப்பு

ஜூன் கடைசியில் இந்தக் குறிப்பு தமிழிலும் மலையாளத்திலுமாக ஒரே தாளின் இரு பக்கங்களில் போனது. தமிழ்ப் பக்கம் இப்படி இருந்தது:

> அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.
>
> ஓணம் விடுமுறை வரை முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதும் வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டோம். பிள்ளைகள் பள்ளியில் தினமும் எழுதுவார்கள். சிலேட்டில், மணலில், பிறகு தாளில், ஒரு நேரத்துக்குக் கால் மணிக்கு மேல் போகாமல், டீச்சர் பக்கத்தில் இருந்து பார்க்க எழுதுவார்கள்.
>
> ஏன் இந்த மாற்றம்? எழுத்தை எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவது என்று பிள்ளை இப்போதுதான் பழகுகிறது. இந்த நேரத்தில் வீட்டில் ஒரு விதமாகவும் பள்ளியில் ஒரு விதமாகவும் கை பழகினால் பிறகு மாற்றுவது சிரமம். மேலும், மதியத் தூக்கம் நின்றுபோன பிள்ளைகள் மாலையில் மிகவும் களைத்துப் போகிறார்கள். களைத்த கை பென்சிலை அழுத்திப் பிடிக்கும், அதுவே பழக்கமாகிவிடும்.
>
> நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு பேசுங்கள். டீச்சர் அன்று ஓர் எழுத்தைச் சொல்லி அனுப்புவார். அந்த ஒலியில் தொடங்கும் பொருள்களை வீட்டில் தேடச் சொல்லுங்கள். 'ப' என்றால் பானை, பாய், பல்லி. அப்பத்தாவும் தாத்தாவும்கூட இதைச் செய்யலாம், படித்திருக்க வேண்டியதில்லை. இரவு எட்டரைக்குள் தூங்க வையுங்கள்.
>
> பிள்ளை தானாக ஆசைப்பட்டு எழுதினால் தடுக்க வேண்டாம். கையை மட்டும் பிடிக்காதீர்கள். தப்பாக இருந்தாலும் அழித்து எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தப்பை டீச்சர் பார்க்க வேண்டும்.
>
> பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பிள்ளை வகுப்பில் யார் உதவியும் இல்லாமல் எழுதிய தாளை உங்களுக்கு அனுப்புவோம். அழகாக இருக்காது. அதுதான் பிள்ளையின் உண்மையான நிலை. முந்தைய தாளோடு வைத்துப் பாருங்கள்.
>
> ஓணத்துக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் சிறிய எழுத்து வேலை வரும். பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

'அந்தத் தப்பை டீச்சர் பார்க்க வேண்டும்' என்ற வரியை முதல் வரைவில் ஹெச்.எம். அடித்துவிட்டார். பெற்றோரைக் குறை சொல்வதுபோல ஒலிக்கும் என்று நினைத்தார். அதைச் சேர்க்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மற்றதெல்லாம் நாளை மறந்துபோனாலும் அந்த ஒன்று நினைவில் நிற்கவேண்டும் என்பது என் எண்ணம்.

வகுப்பு பி.டி.ஏ. கூட்டம்

தாளை மட்டும் அனுப்பினால் போதாது என்று ஒரு சனிக்கிழமை கூட்டம் கூட்டினோம். குறிப்பை வாய்விட்டுப் படித்தேன். முதல் எதிர்ப்பு தோப்பில் வேலை செய்யும் ஒரு தந்தையிடமிருந்து வந்தது. "எழுதாம எப்படிங்க டீச்சர் எழுத்து வரும்? நாங்க படிக்காததுனாலதான் இப்படி வெயில்ல நிக்கிறோம். எம்புள்ளையும் நிக்கோணுமா?" அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த பயம் நியாயமானது. அதற்கு விளக்கத்தைவிடக் காட்டுவதே சரி என்று தோன்றியது.

பெற்றோருக்கே ஒரு வேலை கொடுத்தேன். வலக்கைக்காரர்கள் இடக்கையில் பென்சில் பிடித்து 'அ'வை ஐந்து வரி எழுத வேண்டும். மூன்றாவது வரியில் ஒரு தாய் கையை உதறினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து எழுதிக்கொடுக்க, நோட்டு அழகானது. "இப்போது நீங்களே தனியாக எழுதுங்கள்" என்றதும் பழையபடி கோணியது. கேள்வி கேட்ட தந்தை தன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க, ஓணம் வரைக்கும் பாக்கலாம்" என்றார். முழுச் சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அவகாசம் கிடைத்தது.

பிள்ளைகளை ட்யூஷனுக்கு அனுப்பும் பெற்றோரிடமும் அங்கே எழுத வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னோம். காசு கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு அதைச் சொல்வது எளிதாக இல்லை.

ஓணம் வரை நடந்தது

ஜூலையில் வகுப்பறையின் நேரம் மாறியது. முன்பு காலையில் நோட்டு திருத்துவதற்கே அரை மணிக்கு மேல் போகும். அந்த நேரத்தில் இப்போது ஐந்தைந்து பேராகப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதும் கையைப் பார்க்க முடிந்தது. முடிந்த எழுத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கும் கையைப் பார்ப்பதுதான் பெரிய வித்தியாசம். எங்கே தொடங்குகிறது, எங்கே பென்சிலைத் தூக்குகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்பது அந்த நேரத்தில் மட்டும்தான் தெரியும்.

அப்படிப் பார்த்ததில் தெரியவந்தவன் ஒரு பையன். ஜூனில் அவனுடைய நோட்டு எப்போதும் சுத்தமாக இருக்கும். எழுதியது மூன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன். வகுப்பில் அவன் பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்தே எழுதினான். ஒலியைச் சொன்னால் உடனே எழுதினான், பலகையில் எழுதிப்போட்டால் திணறினான். பார்வையில் குறை இருக்கலாம் என்று பெற்றோரிடம் சொன்னேன். அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் கண்ணாடி போட்டார்கள். பத்து வரி நோட்டு தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அவனை நன்றாக எழுதும் பிள்ளை என்றே இன்னும் சில மாதம் நினைத்திருப்போம்.

'அ'வைத் தலைகீழாகப் போட்ட சிறுமிக்குத் திருத்தம் மெதுவாகத்தான் வந்தது. தாளில் திருத்தாமல் மணல் தட்டில், விரலால், பெரிதாக எழுத வைத்தோம். சுழியில் தொடங்குவது கைக்குப் பழகியபின்தான் பென்சில். ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. ஒரு முறை கைக்கு ஏறிய பாதையை மாற்ற அவ்வளவு நேரம் ஆகிறது.

ஆகஸ்ட் கடைசியில் அதே நான்கு எழுத்துகளையும் பார்க்காமல் எழுதச் சொன்னபோது 17 பேர் நான்கையும் எழுதினார்கள். இதை வீட்டுப்பாடம் குறைத்ததன் வெற்றி என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் வளர்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் கை கொஞ்சம் உறுதிப்படும். முந்தைய ஆண்டுகளில் இதே சோதனையை நாங்கள் செய்ததில்லை, அதனால் ஒப்பிட வழியில்லை. எழுத்து வேலையை நிறுத்தியதால் யாரும் பின்தங்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். மீதி ஐந்து பேரில் யாருக்கு ஒலி தெரியவில்லை, யாருக்குக் கை வரவில்லை என்று இப்போது தனித்தனியாகத் தெரிந்திருந்தது.

எதிர்பாராத பக்கமும் உண்டு. ஜூலைக் கடைசியில் சில தாய்மார், "எழுத ஒண்ணுமில்லைன்னு சொல்லிப் போனைத்தான் கேக்கறான் டீச்சர்" என்றார்கள். விசாரித்ததில், பத்து நிமிடப் பேச்சு நடக்காத வீடுகளில்தான் போன் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. பெற்றோர் இருவரும் இரவு திரும்பும் வீடுகள் அவை. 'பேசுங்கள்' என்று பொதுவாகச் சொன்னது அங்கே எடுபடவில்லை. அதனால் குறிப்பிட்ட வேலையாக மாற்றினோம். பிள்ளை ஒலிக்கு ஏற்ற ஒரு பொருளை வீட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். 'ம'வுக்கு மஞ்சள் துண்டு, மாங்கொட்டை, 'ப'வுக்குப் பாக்கு. தேடிக்கொடுப்பது பாட்டியின் வேலையானது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அப்பத்தா, 'ய'வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லி, பேரனோடு நேரே பள்ளிக்கே வந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

ட்யூஷன் விஷயத்தில் பாதிதான் முடிந்தது. அங்கே சொல்லிக்கொடுக்கும் கல்லூரி மாணவியைப் போய்ப் பார்த்துப் பேசினேன். அவர் கதை சொல்லவும் பாட்டு சொல்லவும் ஒத்துக்கொண்டார். ஆனால் நோட்டு கேட்கும் பெற்றோருக்கு அவராலும் மறுக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் பருவம் முழுக்க அங்கே எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஓணத்துக்குப் பிறகு எழுத்து வேலை திரும்பியபோது ஒரு விதி வைத்தோம். பிள்ளை வகுப்பில் தனியாக எழுதிக் காட்டிய எழுத்து மட்டுமே வீட்டுக்குப் போகும், புதிய எழுத்து போகாது. அதனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேலை கிடைக்கவில்லை. 'அவளுக்கு மட்டும் ஏன் வேறே?' என்று பெற்றோர் கேட்டார்கள். பதினைந்து நாள் தாள்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் புரிந்துகொண்டார்கள்.

அடுத்த ஆண்டு மாற்றப்போவது

குறிப்பு ஜூன் கடைசியில் போனது. அதற்குள் வீடுகளில் கை பிடிக்கும் பழக்கம் தொடங்கிவிடுகிறது. அடுத்த முறை மே மாதச் சேர்க்கையின்போதே இதைப் பேசப்போகிறோம். இடக்கையில் எழுத வைக்கும் வேலையும் அன்றே நடக்கும். சேர்க்கைக்குப் பிள்ளையோடு வருவது பெரும்பாலும் அப்பாக்கள், மாலையில் பக்கத்தில் இருப்பது பாட்டிகள். அதனால் தாளோடு, அதே செய்தியை இரண்டு நிமிடக் குரல் பதிவாகத் தமிழிலும் மலையாளத்திலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவோம்.

பொருள் தேடும் வேலை முதல் வாரத்திலிருந்தே இருக்கும். பார்வை, கேட்கும் திறன் இரண்டையும் ஜூன் மாதமே எங்களால் முடிந்த அளவில் பார்ப்போம்: பின் பெஞ்சிலிருந்து பலகையில் உள்ள படத்தைச் சொல்லச் சொல்வது, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பெயர் சொல்லி அழைப்பது. சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவோம். ட்யூஷன் நடத்துகிறவர்களையும் சேர்க்கைக் கூட்டத்துக்கே கூப்பிடுவது என்று எஸ்.ஆர்.ஜி.யில் எழுதி வைத்திருக்கிறோம்.